மூன்றாவது சீசனையும் தாங்கும் பெயர்: வெப் தொடருக்குத் தலைப்பு வைப்பது எப்படி

வெப் தொடர் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் சீசனின் கதைக்குத்தான் பெயர் வைக்கிறார்கள். முதல் எபிசோடை எழுதி முடித்த சூட்டில், அதில் வரும் கொலையோ காதலோ காணாமல் போன ஆளோ தலைப்பில் ஏறி உட்கார்ந்துவிடும். எட்டு எபிசோடு ஓடி, முடிச்சு அவிழ்ந்து, இரண்டாவது சீசன் பேச்சு வரும்போதுதான் தலைப்பு சொன்ன விஷயம் ஏற்கெனவே முடிந்துபோனது தெரியும். அப்போது பெயரை மாற்றினால் பழைய பார்வையாளர்கள் கைவிட்டுப் போவார்கள். மாற்றாவிட்டால் புதுக் கதையைப் பழைய பெயருக்குள் திணிக்க வேண்டும். இரண்டுமே செலவுதான்.

அமெரிக்கத் தொடரான ‘பிரிசன் பிரேக்’ இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். தலைப்பு சொல்கிற சிறை உடைப்பு முதல் சீசன் முடிவிலேயே நடந்துவிட்டது. மூன்றாவது சீசனில் நாயகனை பனாமாவில் இன்னொரு சிறைக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். இதற்கு நேர் எதிரில் நம் ‘சுழல்’ இருக்கிறது. 2022-இல் வந்த முதல் சீசன் மயானக் கொள்ளை நடக்கும் ஓர் ஊரில் ஓடியது. 2025-இல் வந்த இரண்டாவது சீசன் வேறு ஊருக்கும் வேறு திருவிழாவுக்கும் போனது. தலைப்பு எந்த ஊரையும் எந்தச் சம்பவத்தையும் பிடித்துக்கொள்ளாததால் அதை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. (பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு முதல் சீசன் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இருந்திருக்கும்.)

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கதையை வைத்துக்கொண்டு, தலைப்பு பிறப்பதிலிருந்து மூன்றாவது சீசன் வரை நடந்து பார்ப்பது நல்லது. கதை வேலூரில் நடக்கட்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, காந்தி ரோட்டை ஒட்டிய சந்துகளில் லாட்ஜுகள் நெருக்கமாக நிற்கின்றன. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், ஆந்திரா என்று பல இடங்களிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குகிறார்கள். கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து. நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்க, கூட வந்தவர்கள் லாட்ஜில் சமைத்து, துவைத்து, மொட்டை மாடியில் துணி காயப் போட்டு நாளைக் கழிக்கிறார்கள். அப்படி ஒரு லாட்ஜில் ஒருவர் காணாமல் போகிறார். மாடிக் கொடியில் அவருடைய பச்சை லுங்கி மட்டும் மூன்று நாளாகத் தொங்குகிறது. லாட்ஜ் மானேஜரம்மாள் அதைக் கவனிக்கிறார். இதுதான் முதல் சீசன், எட்டு எபிசோடு.

எழுத உட்கார்ந்த குழு தாளில் ஐந்து பெயர்களை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘காணாமல் போன பச்சை லுங்கிக்காரர்’, ‘வேலூர் லாட்ஜ்’, ‘மானேஜரம்மா’, ‘மொட்டை மாடி’, ‘கொடிக்கயிறு’. இவற்றை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

முதல் பெயர் சம்பவப் பெயர். கேட்டவுடன் ஆர்வம் வரும், மறுக்க முடியாது. ஆனால் அவர் எட்டாவது எபிசோடில் கிடைத்துவிடுவார். அதற்கப்புறம் அந்தத் தலைப்புக்கு வேலை இல்லை. சம்பவப் பெயர் ஒரே சீசனோடு முடிகிற தொடருக்கு மிக நன்றாகப் பொருந்தும். இரண்டாவது சீசன் வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அதை முதல் எபிசோடின் பெயராக மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே அது அருமையாக உட்காரும்.

‘வேலூர் லாட்ஜ்’ ஊர்ப்பெயர்த் தலைப்பு. உள்ளூர்க்காரர்கள் உடனே கிளிக் செய்வார்கள். சிக்கல் இரண்டாவது சீசனில் வரும். கதை ஆம்பூருக்குப் போனால் தலைப்பு பொய்யாகிவிடும். ஆம்பூர் ஒரு காலத்தில் வேலூர் மாவட்டம்தான். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது அது திருப்பத்தூருக்குப் போய்விட்டது, ராணிப்பேட்டையும் தனி மாவட்டமாயிற்று. ‘வட ஆற்காடு’ என்று வைத்தால் எல்லாம் அடங்குமே என்று ஒருவர் சொல்வார். 1989-இலேயே இரண்டாகப் பிரிந்த மாவட்டத்தின் பெயர் அது. பெரியவர்கள் வாயில் இன்னும் புழங்குகிறது, ஆனால் அந்தப் பெயரைப் போட்டுத் தொடர் தேடுகிற இளைஞர் குறைவு. ஊர்ப்பெயருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. யூடியூபில் ‘வேலூர் லாட்ஜ்’ என்று தேடினால் அறை வாடகை சொல்லும் வீடியோக்கள்தான் முன்னால் வரும். உங்கள் தொடர் அவற்றுக்கு அடியில் கிடக்கும். அதோடு தலைப்பில் லாட்ஜ் என்று வந்தாலே ஏதாவது ஓர் உண்மையான லாட்ஜ்காரர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. காணாமல் போகும் கதை என்பதால் அந்த இடத்தைக் கொடுக்காமலிருப்பதே நல்லது.

‘மானேஜரம்மா’ பாத்திரப் பெயர். தொடரின் உயிரே அந்தப் பாத்திரம் என்றால் இது வலுவான தலைப்பு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அந்த நடிகை இரண்டாவது சீசனுக்கு வராவிட்டால் தொடர் இருக்குமா? சின்னத் தயாரிப்புகளில் நடிகர்களோடு பல சீசனுக்கு ஒப்பந்தம் போடுவது அரிது. முதல் சீசன் ஓடினால் அவருக்குச் சினிமா வாய்ப்பு வரும், தேதி கிடைக்காது. பாத்திரத்தை வேறொருவருக்குக் கைமாற்றலாம்தான், ஆனால் தலைப்பே அவராக இருக்கும்போது பார்வையாளர்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. நீண்ட ஒப்பந்தம் கையில் இருந்தால் மட்டும் இந்த வகைக்குப் போகலாம்.

‘மொட்டை மாடி’ நல்ல தலைப்பாகத் தெரியும். இடம்தான், ஆனால் எந்த ஊருக்கும் பொருந்தும் இடம். லாட்ஜுக்கும் உண்டு, ஹாஸ்டலுக்கும் உண்டு, குவார்ட்டர்ஸுக்கும் உண்டு. சீசன் எத்தனை மாறினாலும் தாங்கும். கதையளவில் தேறிவிட்ட இந்தப் பெயர் தேடலில் தோற்றுப்போகும். தமிழில் ‘மொட்டை மாடி’ என்று தட்டினால் மாடித் தோட்டம், தக்காளி, க்ரோ பேக், வெயில் தட்டாமல் அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் என்று வரிசையாக வரும். அந்தக் கூட்டத்தில் புதுத் தொடர் முட்டி மோதி மேலே வருவது கடினம். அன்றாடம் எல்லோரும் தேடும் சொல்லைத் தனியாகத் தலைப்பாக்கினால் இதுதான் நடக்கும்.

மிஞ்சியது ‘கொடிக்கயிறு’. அன்றாடப் பொருள்தான், ஆனால் அதைத் தேடுபவர் குறைவு. முதல் சீசனின் முதல் காட்சியே அதில்தான் தொடங்குகிறது. எந்த ஊர் மாடியிலும் கட்டலாம். அதில் யாருடைய துணி தொங்குகிறது என்பது ஒவ்வொரு சீசனுக்கும் மாறலாம். இரண்டாவது சீசனில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்களின் ஹாஸ்டல் மாடி, மூன்றாவதில் காட்பாடி ரயில்வே குவார்ட்டர்ஸ். கதையில் ஒரு வரியைக்கூட வளைக்காமல் தலைப்பு அப்படியே நிற்கிறது.

இதைச் சோதிக்க எங்கள் வழக்கம் எளிமையானது. இரண்டாவது, மூன்றாவது சீசன்களின் கதையை ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்வது. அந்த இரண்டு வரியில் தலைப்பு தானாக வந்து விழ வேண்டும். ‘எப்படியாவது கொண்டு வந்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தத் தலைப்பு தேறவில்லை என்று அர்த்தம். கதை இன்னும் முடிவாகவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். பொய்யாக ஒரு கதை எழுதினாலும் சோதனைக்குப் போதும்.

பெயர் முடிவானதும் அடுத்தது எழுத்து. இங்கேதான் நல்ல தலைப்புகள் பாதி வழியில் சிதறிப்போகின்றன. ‘கொடிக்கயிறு’, ‘கொடிக் கயிறு’, ‘கொடி கயிறு’, ‘கொடிகயிறு’ என்று நான்கு விதமாக எழுத இடமிருக்கிறது. போஸ்டரில் ஒன்று, யூடியூபில் ஒன்று, இன்ஸ்டாகிராமில் ஒன்று என்று போனால் தேடுகிறவருக்கு மூன்று தொடர்கள் இருப்பது போலத் தோன்றும். ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு சின்னக் கோப்பில் அதை எழுதி வைத்து, எல்லோரும் அங்கிருந்து காப்பி செய்து ஒட்ட வேண்டும். யாரும் கையால் தட்டக் கூடாது. இதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரணமும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்ட முடியும்: ‘க’வுக்குப் பின் ஒற்றைக் குறியாக ‘ொ’ வருவது ஒன்று, ‘ெ’ தனியாக, துணைக்கால் தனியாக வருவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் கோப்புகளுக்குள் தேடும்போது சில மென்பொருள்கள் இரண்டையும் வேறு வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும். வெவ்வேறு விசைப்பலகை வைத்திருக்கும் இரண்டு பேர் வேலை செய்கிற இடத்தில் ‘அந்த ஃபைல் இங்கேதானே வைத்தேன், தேடினால் வரவில்லையே’ என்று கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் போனில் தொடர் தேடுகிறவர்களில் நிறையப் பேர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். Kodikkayiru என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம். தட்டுபவர் kodikayiru என்றோ kodi kayiru என்றோ போட்டாலும் தேடல் பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிடும், எழுத்துகள் நெருக்கமாக இருப்பதால். ‘ழ’ வருகிற தலைப்புகள்தான் அதிகம் சிதறும். ‘வழி’யை ஒருவர் vazhi என்பார், ஒருவர் vali என்பார், அது ‘வலி’யோடு கலந்துவிடும். தலைப்பை நம்பலாமா என்று பார்க்க, பத்துப் பேருக்குப் போன் செய்து பெயரை வாயால் மட்டும் சொல்லி, யூடியூபில் என்ன தட்டுவீர்கள் என்று கேட்டு, அவர்கள் தட்டியதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று விதம் வந்தால் பரவாயில்லை. ஆறு விதம் வந்தால் வேறு பெயரைப் பார்ப்பது உத்தமம்.

அடுத்தது நீளம். யூடியூபில் வீடியோ தலைப்புக்கு 100 எழுத்துக் குறிகள்தான் இடம். தமிழில் இது நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. ‘கொடிக்கயிறு’ நம் கண்ணுக்கு ஆறெழுத்து, கணக்கில் 11. ‘காணாமல் போன பச்சை லுங்கிக்காரர்’ கணக்கில் 31. மொத்த இடத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைத் தொடரின் பெயரே தின்றுவிடும், எபிசோடு பெயருக்கு இடம் இருக்காது. நாங்கள் போடும் வடிவம் இது:

```
கொடிக்கயிறு | எபிசோட் 1 | பச்சை லுங்கி | Kodikkayiru Tamil Web Series
```

இது 69 குறிகள். இரண்டாவது சீசன் வரும்போது ‘S2’ சேர்த்தாலும், எபிசோடு பெயர் இன்னும் ஒரு சொல் நீளமானாலும் இடம் மிச்சம். போனில் தலைப்பு இரண்டு வரிக்கு மேல் தெரியாது, மீதி வெட்டுப்படும். அதனால் முன்னால் வைக்க வேண்டியவை தொடர் பெயரும் எபிசோடு எண்ணும். ‘Tamil Web Series’ தேடலுக்காக மட்டும் இருப்பது, அது வெட்டுப்பட்டால் நஷ்டமில்லை. எபிசோடு பெயரை முதலில் வைத்தால் கவர்ச்சியாக இருக்கும் என்ற வாதம் உண்டு. ஒற்றை வீடியோவுக்கு அது சரி. தொடரில் பார்வையாளர் முதலில் தேடுவது ‘நான் விட்ட இடம் எது’ என்பதைத்தான். எண் கண்ணில் படாவிட்டால் அவர் நான்காவதை விட்டுவிட்டு ஐந்தாவதைப் பார்த்து, கதை புரியவில்லை என்று கமென்ட் போட்டுவிட்டுப் போவார்.

எபிசோடு பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. தலைப்பே ஒரு வரிசைக்கு வழிகாட்டினால் வேலை பாதி முடிந்தது. கொடிக்கயிறு என்றால் அதில் தொங்கும் துணிகள் எபிசோடு பெயர்கள்: பச்சை லுங்கி, ஒற்றை சாக்ஸ், ஆஸ்பத்திரிப் போர்வை, குழந்தைச் சட்டை, ஈரத் துண்டு. எல்லாம் இரண்டு சொல், எல்லாம் பெயர்ச்சொல். நடுவில் திடீரென்று ‘அவன் ஏன் வரவில்லை?’ என்று ஒரு கேள்வி வந்தால் அந்த எபிசோடு வேறு தொடருடையதுபோல நிற்கும். துணிதான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை, கடைசி எபிசோடுக்கு ‘வெறும் கயிறு’ என்று வைக்கலாம். ஏழு துணிகளுக்குப் பின் வரும்போது அதற்கு அர்த்தம் கூடுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ப்ளேலிஸ்டைத் திறக்கிறவர் முதல் எபிசோடு பார்க்கும் முன்பே எட்டுப் பெயர்களையும் பார்த்துவிடுவார். ஏழாவது எபிசோடுக்கு ‘வெள்ளைச் சேலை’ என்று வைத்தால், தமிழ் தெரிந்த யாருக்கும் ஒரு பெண்ணின் கணவர் சாகப்போகிறார் என்று அப்போதே தெரிந்துவிடும். எழுதுகிறவருக்கு அந்தப் பெயர் மிக அழகாகப் பட்டிருக்கும், அதனால் விட மனசு வராது. விட்டுத்தான் ஆக வேண்டும். ‘மடித்த சேலை’ என்று மாற்றினால் பார்க்கும் முன் ஒன்றும் சொல்லாது, பார்த்த பின் எல்லாம் சொல்லும். எல்லா எபிசோடு பெயர்களையும் ஒரே தாளில் கீழே கீழே எழுதி, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து ‘என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் முடிவைச் சொல்லிவிட்டால் எந்தப் பெயர் காட்டிக்கொடுத்தது என்று அவரே விரலை வைத்துக் காட்டுவார்.

முதல் எபிசோடுக்குத் தொடரின் பெயரையே வைக்கும் பழக்கம் உண்டு. யூடியூபில் அது வேண்டாம். ‘கொடிக்கயிறு | எபிசோட் 1 | கொடிக்கயிறு’ என்று வரும்போது டிரெய்லர், டீசர், முதல் எபிசோடு எல்லாம் தேடலில் ஒன்றுபோலத் தெரியும். அதேபோல, ஒரு சீசனில் வந்த பெயரை அடுத்த சீசனில் திரும்ப வைக்காமலிருக்க ஒரு பட்டியல் வைத்திருப்பது அவசியம். இரண்டாவது சீசனில் புது எழுத்தாளர் வந்தால் அவருக்கு முதல் சீசனில் ‘ஈரத் துண்டு’ இருந்தது நினைவிருக்காது.

இனி சீசன் எண். முதல் சீசன் வெளியாகும்போது லோகோவில் ‘1’ போட வேண்டாம், இரண்டாவது வருமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கோப்புப் பெயரில் முதல் நாளிலிருந்தே சீசன் எண் இருக்க வேண்டும்:

```
KODI_S01E01_pachai-lungi_v04.mp4
KODI_S02E01_leather-apron_v02.mp4
```

01 என்று பூஜ்யம் சேர்ப்பது கணினியின் வரிசைக்காக. வெறும் E1, E2 என்று வைத்தால் பல இடங்களில் E10 என்பது E2-க்கு முன்னால் போய் நிற்கும். S01E01 வடிவத்தை மீடியா சர்வர் மென்பொருள்களும் அப்படியே புரிந்துகொள்கின்றன. மேக்கிங் வீடியோ, சிறப்பு எபிசோடு போன்றவற்றுக்கு அதே உலகில் S00 என்ற வழக்கம் இருக்கிறது. அவற்றை S01E09 என்று போட்டால் அடுத்த முறை யாராவது அதைக் கதையின் ஒன்பதாவது பகுதி என்று நினைத்து ஏற்றிவிடுவார்கள்.

சீசன் மாறும்போது எபிசோடு எண்ணை மறுபடி 1-லிருந்து தொடங்குவதா, 9 என்று தொடர்வதா? கதை சீசனுக்குச் சீசன் புதிதாகத் தொடங்கினால் 1-லிருந்துதான். ஆம்பூர் கதையைப் புதிதாகப் பார்க்க வருகிறவர் ‘எபிசோட் 9’ என்று கண்டால் முன்னால் எட்டு பார்க்க வேண்டுமோ என்று தயங்கிப் போய்விடுவார். ஒரே கதை நடுவில் இடைவெளி விட்டு நீள்கிறது என்றால் தொடர் எண் சரியானது.

‘கொடிக்கயிறு 2’ என்று எழுதுவதா, ‘கொடிக்கயிறு சீசன் 2’ என்று எழுதுவதா என்பதில் எங்கள் தீர்ப்பு இரண்டாவதுக்கே. பெயருக்குப் பின் வெறும் எண் வந்தால் சினிமாவின் இரண்டாம் பாகம்போலவோ டிவியில் வரும் புதுத் தொடர்போலவோ படிக்கப்படுகிறது. போஸ்டரில் அது அழகுக்கு இருக்கட்டும். ஆனால் ஓடிடி தளத்திலோ தகவல் தளங்களிலோ பதிவு செய்யும்போது தொடரின் பெயர் மாறாமல் ‘கொடிக்கயிறு’ என்றே இருந்து, சீசன் என்ற தனிக் கட்டத்தில் 2 என்று போக வேண்டும். அவசரத்தில் யாராவது ‘கொடிக்கயிறு 2’ என்று புதுப் பக்கம் திறந்துவிட்டால் முதல் சீசனுக்கு வந்த மதிப்பீடுகளும் விமர்சனங்களும் ஒரு பக்கம், புதியவை இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிடும். ‘கொடிக்கயிறு: ஆம்பூர்’ என்று துணைத் தலைப்பு மட்டும் வைத்து எண்ணே போடாமல் விடுவதும் குழப்பம்தான். எது முதலில் வந்தது என்று புதியவருக்குத் தெரியாது. துணைத் தலைப்பு பிடித்திருந்தால் எண்ணோடு சேர்த்து வையுங்கள்.

திருத்த முடிந்தது எது, முடியாதது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலை முழுவதிலும் பணத்தை மிச்சப்படுத்துகிற பழக்கம். யூடியூபில் வீடியோவின் தலைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இணைப்பு மாறாது. இரண்டாவது சீசன் வரும் வாரத்தில் பழைய எட்டு எபிசோடுகளின் தலைப்பிலும் ‘S1’ சேர்த்துவிடலாம். தம்ப்நெயிலையும் மாற்றலாம். ஆனால் ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே இணைப்பில் வேறு வீடியோவை வைக்க முடியாது, அதற்குள் வெட்டத்தான் முடியும். ஆகவே படத்தின் உள்ளே வரும் டைட்டில் கார்டில் ‘எபிசோட் 1’ என்று பதித்துவிட்டால் அது என்றைக்கும் அங்கேயே இருக்கும். கார்டில் தொடரின் பெயரும் எபிசோடு பெயரும் மட்டும் போதும், எண்கள் வெளியில் இருக்கட்டும். பின்னால் எட்டு எபிசோடை ஆறாகத் தொகுத்து ஓடிடிக்குக் கொடுக்கும் நிலை வந்தாலும் இது காப்பாற்றும். எழுத்து இல்லாத சுத்தப் பிரதியையும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவர்கள் கேட்பது வழக்கம்.

தம்ப்நெயிலில் லோகோவையும் ‘S2 E3’ என்பதையும் இடப்பக்க மேல் மூலையில் வையுங்கள். வலப்பக்கக் கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து உட்கார்ந்து எழுத்தை மறைத்துவிடும். 1280-க்கு 720 அளவில் கணினியில் பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரியும். போன் பட்டியலில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்க்கும்போது ‘க்க’ மேல் புள்ளி இருக்கிறதா, ‘டி’யின் சுழி லோகோவின் அலங்காரத்தில் தொலைந்துவிட்டதா என்று பாருங்கள். புள்ளி மறைந்தால் தலைப்பு ‘கொடிககயிறு’ ஆகிவிடும்.

உரிமை விஷயம். தலைப்புக்குக் காப்புரிமை உண்டு என்று பலர் நம்புகிறார்கள். வெறும் தலைப்புக்குக் காப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ஓர் இந்திப் படத் தலைப்பு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் சங்கங்களில் தலைப்பைப் பதிந்து வைப்பது சங்க உறுப்பினர்களுக்குள் ஓர் ஒழுங்கு, அவ்வளவுதான். பல சீசன் போகும் தொடரின் பெயருக்குச் சட்டப்படி பிடிமானம் தருவது வணிகச் சின்னப் பதிவு. பொழுதுபோக்குச் சேவைக்கு 41-ஆம் வகுப்பு. தனிநபரோ சிறு நிறுவனமோ இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000. பதிவு 10 வருடம் நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் அரசின் வணிகச் சின்னத் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். எழுத்தை வைத்துத் தேடுவதோடு ஒலியை வைத்துத் தேடும் வசதியையும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் தமிழ்ப் பெயர்கள் அங்கே ஆங்கில எழுத்தில் பல விதமாகப் பதிவாகியிருக்கும். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துப் பதிவு வாங்குவது கடினம், ‘வேலூர் லாட்ஜ்’ மாதிரிப் பெயர்கள் இங்கும் அடிபடும்.

இதோடு ஒப்பந்தத்தில் ஒரு வரி. தலைப்பு யாருடையது, தயாரிப்பாளர் இல்லாமல் எழுத்தாளர் வேறு இடத்தில் இரண்டாவது சீசன் எடுத்தால் அதே பெயரைப் பயன்படுத்தலாமா, எழுத்தாளர் இல்லாமல் தயாரிப்பாளர் எடுக்கலாமா என்ற மூன்றையும் முதல் சீசன் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் தொடர்களில் இந்த வரிதான் பெரும்பாலும் விடுபடுகிறது. தொடர் ஓடிய பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள்.

சேனல் பெயரைத் தொடரின் பெயரோடு கலக்காதீர்கள். சேனல் குழுவுடையது, அதில் நாளைக்கு வேறு தொடரும் வரும். தொடருக்கு இன்ஸ்டாகிராமில் தனிக் கணக்கு வேண்டுமானால், சீசன் எண்ணோ ஆண்டோ இல்லாமல் எடுங்கள். kodikkayiru_s1 என்று எடுத்தால் இரண்டாவது சீசனில் பெயரை மாற்றவோ புதுக் கணக்கில் முதலிலிருந்து ஆள் சேர்க்கவோ வேண்டிவரும். kodikkayiru கிடைக்காவிட்டால் kodikkayiru.series என்று போகலாம். அங்கே பெயருக்கு 30 எழுத்து வரை இடமிருக்கிறது.

ப்ளேலிஸ்ட் சீசனுக்கு ஒன்று. ‘கொடிக்கயிறு சீசன் 1 – முழு எபிசோடுகள்’ என்று வைத்து, அதற்குள் எபிசோடுகளை மட்டும் வரிசையாக அடுக்கி, ப்ளேலிஸ்ட் அமைப்பில் அதிகாரப்பூர்வத் தொடர் என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். டிரெய்லருக்கும் மேக்கிங்குக்கும் வேறு ப்ளேலிஸ்ட். நடுவில் ஒரு டிரெய்லர் புகுந்துவிட்டால், மூன்றாவது எபிசோடு முடிந்து தானாக ஓடும் அடுத்த வீடியோ நான்காவதாக இருக்காது.

இரண்டாவது சீசன் தயாரானதும் முதல் சீசனின் எட்டாவது எபிசோடைத் திறந்து, அதன் முடிவுத் திரையில் சீசன் 2 ப்ளேலிஸ்டை வைத்து, விளக்கப் பகுதியின் முதல் வரியில் அதன் இணைப்பைப் போடுங்கள். சீசன் 2-இன் முதல் எபிசோடு விளக்கத்தில், ‘இது தனிக் கதை, முதல் சீசன் பார்க்காமலும் பார்க்கலாம்’ என்றோ ‘முதல் சீசன் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்றோ ஒரு வரி எழுதி, பக்கத்தில் முதல் சீசனின் இணைப்பைக் கொடுத்துவிடுங்கள்.